‘முதல் நிலை’ என்று போட்ட புத்தகத்தின் முதல் வரியிலேயே மகள் நின்றுவிட்டாள்

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 12

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், பள்ளியில் ஒரு சொல் கூடக் கிடையாது. உயிரெழுத்து 12, மெய் 18, அகர வரிசை, அப்புறம் கா, கி இரண்டு வரிசைகளும் முடித்துவிட்டாள். சரி, இனிமேல் கதைப் புத்தகம் கொடுக்கலாம் என்று ‘முதல் நிலை, 4 வயது முதல்’ என்று அட்டையில் போட்டிருந்த புத்தகம் ஒன்றை வரவழைத்தேன். முதல் வரி இதுதான்: ‘ஒரு பெரிய காட்டில் ஒரு யானை வாழ்ந்து வந்தது.’

பத்து நிமிடம் போராடினாள். ‘காட்டில்’ மட்டும்தான் தானாக வந்தது. மூடி வைத்துவிட்டு, “இது பெரியவங்க புக்கு” என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

மூன்று பிள்ளைகளின் அப்பா, ஜனவரி 12

பாதியில் புத்தகம் கொடுத்ததுதான் தவறு. 247 எழுத்தும் முடியட்டும். என் மூத்தவனுக்கு அப்படித்தான் செய்தேன், அட்டவணை முழுவதையும் சுவரில் ஒட்டி தினமும் ஒரு வரிசை. ஒன்றரை வருடம் ஆனது. இப்போது எதைக் கொடுத்தாலும் படிப்பான்.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 13

அந்த ஒரு வரியை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏழு சொல், 21 எழுத்து. உங்கள் மகளுக்குத் தெரியாதவை ரு, பெ, ரு, னை, து, து, ஆக ஆறு. 21-இல் 15 தெரிகிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த ஆறும் ஆறு வெவ்வேறு சொற்களில் உட்கார்ந்திருக்கின்றன. தடுக்காத சொல் ‘காட்டில்’ ஒன்றுதான். குழந்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அது அவளுடைய புத்தகம் இல்லை.

அட்டையில் போடும் நிலை பெரும்பாலும் வாக்கியம் எவ்வளவு நீளம், பக்கத்துக்கு எத்தனை வரி என்பதைப் பார்த்துப் போடுவது. எந்த எழுத்துகள் வருகின்றன என்று யாரும் எண்ணுவதில்லை. வேறு மொழியிலிருந்து பெயர்த்த கதை என்றால் அங்கே எளிதாக இருந்த நிலை எண் அப்படியே தமிழுக்கும் வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பிள்ளைக்குத் தெரியாத எழுத்து உள்ள சொற்களை மட்டும் எண்ணுவேன். பத்துச் சொல்லில் ஒன்று தடுக்கினால் அவளே படிக்கலாம். இரண்டு மூன்று என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது நான் படித்துக் காட்டும் புத்தகம். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், வேறு அடுக்கில் வையுங்கள்.

மூன்று பிள்ளைகளின் அப்பாவுக்கு: ஒன்றரை வருடம் ஒரு கதை கூடப் படிக்காமல் எழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. அதோடு ஙௌ, ணௌ எல்லாம் எந்தக் கதையில் வருகிறது? ங வரிசையில் ‘ங்’ ஒன்று போதும், குழந்தைக் கதை முழுவதும் படித்துவிடலாம். ஔகார வரிசை பிறகு வரட்டும்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 13

எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருக்கும் பதினொரு புத்தகத்தில் ஒன்று கூட அந்தக் கணக்குக்குள் வரவில்லை. எல்லாவற்றிலும் மாட்டுவது து. வந்தது, போனது, இருந்தது, சொன்னது.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 14

அதில்தான் விஷயமே இருக்கிறது. விலங்குக் கதை என்றால் வினை எல்லாம் ‘து’வில் முடியும். ‘ஒரு’ இல்லாமல் கதை தொடங்காது. ‘வீட்டுக்கு’, ‘அம்மாவுக்கு’ என்று ‘கு’ வந்துகொண்டே இருக்கும். ஆனால் நாம் அட்டவணை வரிசைப்படி கா, கி, கீ எல்லாம் முடித்த பிறகுதான் கு வரிசைக்குப் போகிறோம்.

து, ரு, கு மூன்றையும் வரிசையிலிருந்து தனியாகப் பிடுங்கி முன்னால் கொண்டுவாருங்கள். ‘இது து, பார்த்ததும் சொல்ல வேண்டும்’ என்று படம் போல அறிமுகம் செய்தால் போதும். அடுத்து ஐகாரம். யானை, பூனை, மலை, இலை, அப்புறம் ‘அதை’, ‘மரத்தை’ என்று வருவதெல்லாம் அதுதான். அதற்குப் பிறகு ஒற்றைக்கொம்பு. என் வகுப்பில் இந்த ஒழுங்கில் போனால் கதைக்குள் சீக்கிரம் நுழைகிறார்கள்.

மூன்று பிள்ளைகளின் அப்பா, ஜனவரி 14

ஔகார வரிசை பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உகர வரிசைக்கு அட்டவணை இல்லாமல் முடியாது. ஆ, இ குறிகள் எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும். உகரம் அப்படியா? கு, டு, மு, ரு ஒரு விதம். சு, பு, வு கீழே கோடு இழுக்கும். து, நு, லு, னு இன்னொரு விதம். ஊகாரம் வந்தால் கூ யாரோடும் சேராது. இதைப் படம் போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தால் எப்போது முடிப்பது?

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 14

இதில் நீங்கள் சொல்வது சரி. மூன்று எழுத்தைத்தான் முன்னால் கொண்டுவரச் சொன்னேன். மீதி உகரத்தை நானும் இந்த மூன்று கூட்டமாகப் பிரித்துத்தான் நடத்துகிறேன்.

அம்மம்மா, ஜனவரி 15

எங்கட பேரனுக்கு எழுத்து எல்லாம் தெரியும், ஆனால் புத்தகம் விளங்குதில்லை. ‘நாற்காலி’ என்று எழுத்துக்கூட்டி அழகாக வாசித்துவிட்டு, அது என்ன மிருகம் என்று கேட்டான். எங்கட வீட்டில் அது கதிரை. ‘துடைப்பம்’ அவனுக்குத் தும்புத்தடி. ‘பாட்டி’ என்று எல்லாக் கதையிலும் வருகுது, அது யாரோ வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், ஏனென்றால் நான் அம்மம்மா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இந்தியப் புத்தகம் வாங்குகிறவர்கள் எழுத்தை மட்டும் எண்ணினால் காணாது. படத்தில் உள்ள சாமானுக்கு வீட்டில் என்ன சொல் என்று முதலில் பாருங்கோ.

நான் பென்சிலால் படத்துக்குக் கீழே எங்கட சொல்லையும் எழுதிவிடுகிறேன். இரண்டும் தமிழ்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 15

அம்மம்மா, எங்கள் வீட்டில் வேறு விதமாக அதே சிக்கல். மகள் நேற்று ‘வந்துவிட்டது’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகக் கூட்டிப் படித்தாள். துகரம் சொல்லிக்கொடுத்து இரண்டு நாள்தான். எனக்கு ஒரே சந்தோஷம். “என்ன படிச்சே?” என்று கேட்டேன். “தெரியல” என்றாள். “பஸ் வந்துடுச்சுன்னு போட்டிருக்கு” என்றதும் திரும்பப் புத்தகத்தைப் பார்த்து, “அப்படி எழுதலையே, தப்பா இருக்கு” என்கிறாள். என்ன பதில் சொல்வது?

இரட்டைக் குழந்தைகளின் தந்தை, ஜனவரி 16

நல்ல கேள்வி. எங்கள் இரட்டையர்களும் தமிழில் பேசுவதில்லை, கேட்டால் புரிகிறது. பேச வைக்க என்ன விளையாட்டு இருக்கிறது?

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 16

என் மகள் பேசுவாள், படிப்பதுதான் சிக்கல். பேச வைப்பதற்குத் தனியாக ஓர் இழை தொடங்கினால் பலர் பதில் சொல்வார்கள்.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 16

‘வந்துவிட்டது’ பற்றி. “புத்தகம் இப்படிச் சொல்லும், நாம் இப்படிச் சொல்வோம்” என்று ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறேன். நான் ‘போய்விட்டான்’ என்று படிப்பேன், பிள்ளைகள் ‘போயிட்டான்’ என்று கத்த வேண்டும். பிறகு தலைகீழாக, நான் ‘இருக்கு’ என்றால் அவர்கள் ‘இருக்கிறது’ என்ற அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். முதல் சில மாதம் ‘விட்டது’ வராத புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பேன். ‘வந்தது’ என்பதை அவர்களால் ஊகிக்க முடிகிறது, ‘வந்துவிட்டது’ முடியவில்லை.

உரையாடலைப் பேச்சுத் தமிழிலேயே அச்சிட்ட புத்தகமும் கிடைக்கிறது. சிலர் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டு மனம். பேச்சை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ‘வந்துடுச்சு’, ‘வந்திருச்சு’, ‘வந்துருச்சி’ மூன்றையும் மூன்று புத்தகத்தில் பார்க்கும் பிள்ளை எதைக் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளும்?

அம்மம்மா, ஜனவரி 16

நாங்கள் ‘வந்திட்டுது’ என்று சொல்லுவோம். நாலாவது.

மூன்று பிள்ளைகளின் அப்பா, ஜனவரி 17

எழுத்துத் தமிழ்தான் படிக்க வேண்டும். பேச்சை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 19

புத்தகம் கிடைக்காததால் நானே ஒன்று எழுதினேன். அவளுக்குத் தெரிந்த எழுத்தும் ரு, து, கு மூன்றும் மட்டும். ஒரு தாளை மடித்துத் தைத்து, ஆறு பக்கம், அவளே படம் வரைந்தாள்.

ஒரு மரம்.
மரத்தில் ஒரு அணில் இருந்தது.
காகம் வந்தது. ‘கா கா’ என்றது.
அணில் பயந்தது.
காகம் பாடியது.
அணில் ஆடியது.

நிற்காமல் படித்துவிட்டாள்! இரவு அப்பாவுக்கு ஒரு தடவை, காலையில் தொலைபேசியில் பாட்டிக்கு ஒரு தடவை.

இலக்கண ஆர்வலர், ஜனவரி 19

‘ஓர் அணில்’ என்று இருக்க வேண்டும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஓர்’. குழந்தைப் புத்தகத்திலேயே பிழை இருந்தால் அதுதான் மனதில் நிற்கும்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 19

சரி. ‘மரத்தில் அணில் இருந்தது’ என்று மாற்றிவிட்டேன். ஒரு, ஓர் இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு ஒன்று போதும்.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 20

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் படித்தாளா, ஒப்பித்தாளா என்று பார்த்தீர்களா? படத்தைக் கையால் மறையுங்கள். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வரச் சொல்லுங்கள். அப்புறம் அதே எழுத்துகளை வைத்துக் கதையில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். ‘காகம் ஆடியது’ என்று மாற்றி எழுதினாலே தெரிந்துவிடும்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 20

கஷ்டமாக இருக்கிறது. ‘காகம் ஆடியது’ என்று எழுதிக் காட்டினேன். பார்க்காமலே ‘காகம் பாடியது’ என்றாள். ஐந்தாம் பக்கத்தில் ‘காகம் பாட்டுப் பாடியது’ என்று இல்லாத சொல்லையும் சேர்த்துப் படித்திருக்கிறாள், நேற்று சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை. விரல் வைத்துப் படித்தபோது ‘மரத்தில்’ வந்ததும் நின்றாள். ‘மரம்’ தெரியும், ‘மரத்தில்’ அவளுக்குப் புதுச் சொல். நேற்று எழுதியதைத் திருத்துகிறேன்: ஆறு பக்கத்தில் மூன்றைப் படித்தாள், மூன்றை ஒப்பித்தாள்.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 20

மூன்று பக்கம் தானாகப் படித்திருக்கிறாள், அது பெரிய விஷயம்.

‘மரத்தில்’ எல்லாப் பிள்ளைகளும் நிற்கும் இடம். மரம் மரத்தில், வீடு வீட்டில், காடு காட்டில். பேசும்போது ‘மரத்துல’ என்று சொல்கிற பிள்ளைதான், எழுத்தில் பார்த்தால் ‘மரம்’ எங்கே போனது என்று தேடுகிறது. ஒரு நீள அட்டையில் ‘மரம்’ எழுதி, ‘ம்’ இருக்கும் இடத்தைப் பின்பக்கம் மடித்து, அந்த இடத்தில் ‘த்தில்’ எழுதிய துண்டைப் பொருத்துங்கள். படம், குளம், பணம், நிலம் எல்லாவற்றுக்கும் அதே துண்டு பொருந்தும். குளம் தெரிந்தவள் ‘குளத்தில்’ என்று தானே சொல்வாள்.

மூன்று பிள்ளைகளின் அப்பா, ஜனவரி 21

என் இரண்டாவது மகன் ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படிக்கிறான். மூத்தவனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கண் பார்வையில் ஏதாவது குறை இருக்குமா?

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 21

சந்தேகம் இருந்தால் கண்ணையும் காட்டிவிடுங்கள். ஆனால் முதலில் புத்தகத்தின் எழுத்துருவைப் பாருங்கள். ‘ர’வுக்குக் கீழே இருக்கும் சாய்கோடு சில எழுத்துருவில் ஒரு புள்ளி அளவுதான் இருக்கும், அதை விட்டால் அது வெறும் கால். ‘ர்’, ‘ரி’ இரண்டிலும் அந்தக் கோடே இல்லாமல் அச்சிடுவதும் உண்டு. நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. வாங்குவதற்கு முன் ‘மரம்’, ‘பார்’, ‘மாரி’ போன்ற சொற்கள் அதில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். கோடு தெளிவாக இருந்தால் வாங்குங்கள்.

இன்னொன்று. தாத்தா வீட்டிலிருந்து வரும் பழைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தும்பிக்கை வைத்தது போல வேறு வடிவில் இருக்கும். ணா, றா, னாவும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு 1978-இல் மாற்றிய எழுத்துகள் இவை. கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றை நீங்கள் படித்துக் காட்டும் அடுக்கில் வையுங்கள்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, ஜனவரி 24

ஒற்றைக்கொம்பு தொடங்கினோம். ‘பெட்டி’ என்பதை ‘எபட்டி’ என்று படிக்கிறாள். இடமிருந்து வலம்தானே படிக்க வேண்டும், கொம்பு முதலில் வருகிறதே என்பது அவள் கேள்வி. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வாரப்பள்ளி ஆசிரியை, ஜனவரி 24

கண்ணாடித் தாள் எடுங்கள், உறை போடும் தாள் போதும். சின்னத் துண்டுகளாக வெட்டி ஒன்றில் கால், ஒன்றில் ஒற்றைக்கொம்பு, ஒன்றில் இரட்டைக்கொம்பு, ஒன்றில் ஐகாரக் கொம்பு எழுதுங்கள். வெள்ளை அட்டையில் ‘ப’ மட்டும் பெரிதாக. முதலில் ‘ப’வைத் தொட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் துண்டை வைக்க வேண்டும். கொம்பு இடப்பக்கம் வந்தாலும் வாய் முதலில் ‘ப’வுக்குத்தான் போகும் என்பது கையிலேயே பழகிவிடும். ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு பக்கமும் வைத்தால் ‘பொ’ வருவதை அவளே கண்டுபிடிப்பாள், அதைச் சொல்லிவிடாதீர்கள். உகரத்துக்கு இந்தத் துண்டு உதவாது, அங்கே எழுத்தே உருமாறுகிறது.

பிறகு தரை விளையாட்டு. பல், பால். படம், பாடம். மடி, மாடி. பட்டி, பாட்டி. பெட்டி, பேட்டி. கொடி, கோடி. அட்டைகளைத் தரையில் பரப்பி, நீங்கள் சொல்லும் சொல்லின் மேல் அவள் குதிக்க வேண்டும். மூன்று ஜோடிக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம்.

நிரல் எழுதுபவர், ஜனவரி 25

விளையாட்டுக்குக் கணினியில் சொல் தேடும் கட்டம் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் பயன்படுத்திய ஓர் இலவசக் கருவி ‘பூனை’யை நான்கு கட்டத்தில் போட்டது: ப, தனியாக ஊகாரக் குறி, ன, தனியாக ஐகாரக் குறி. குறிகளோடு புள்ளி வட்டம் வேறு. அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் இல்லாத எழுத்தைத் தேடுவான். கட்டத்தில் புள்ளி வட்டம் தெரிந்தால் அந்தக் கருவி தமிழுக்கு ஆகாது. நானே பிரித்துக்கொள்ள, `pip install regex` என்று ஒரு தடவை நிறுவிய பிறகு, பைதானில் இரண்டு வரி போதுமாக இருந்தது:

```
import regex
print(regex.findall(r'\X', 'பூனை'))
```

`['பூ', 'னை']` என்று இரண்டு எழுத்தாக வரும். இதை வைத்தே ஒரு கதையில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணலாம். ஆசிரியை கையால் எண்ணச் சொன்னதை நான் இப்படித்தான் செய்கிறேன்.

அம்மம்மா, ஜனவரி 25

எனக்குக் கட்டம் போட்ட கொப்பியும் பென்சிலும் காணும்.

நிரல் எழுதுபவர், ஜனவரி 26

கட்டம் போட்ட நோட்டு இன்னும் நல்லதுதான். இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. ஆக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் இறக்கி அச்சடிக்கலாம், சொற்களை மாற்றியும் எழுதலாம். படம் வரையத் தெரியாத என்னைப் போன்றவர்கள் நல்ல படத்தை வைத்துக்கொண்டு, கீழே பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தில் வாக்கியம் எழுதிக்கொள்ளலாம்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, பிப்ரவரி 9

இரண்டு வாரமாக எழுத நேரமில்லை. கண்ணாடித் தாள் விளையாட்டு நான்காம் நாள் பலித்தது. ‘பொ’வை அவளே கண்டுபிடித்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். குதிக்கும் விளையாட்டில் ‘கொடி, கோடி’ இன்னும் குழப்பம்தான், ‘கோடி’ என்றால் என்ன என்பதே அவளுக்குத் தெரியாது. அம்மம்மா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்த ஜோடியை எடுத்துவிட்டேன்.

வேறு ஒன்று. ‘காகம்’ என்பதை ‘காக்கம்’ என்றே அழுத்திப் படித்து வந்தாள், வீட்டில் காக்கா என்று சொல்வதால் இருக்கும். நான் திருத்தத் திருத்த எரிச்சல்பட்டாள். போன வாரம் ‘பகல்’, ‘பக்கம்’ இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தன. தானாகவே நின்று, “இதுல க் இருக்கு, அதான் ஸ்ட்ராங். அதுல இல்ல, அதான் சாஃப்ட்” என்றாள். அதற்குப் பிறகு ‘காகம்’ சரியாக வருகிறது. இதை நான் சொல்லித்தரவே இல்லை.

வாரப்பள்ளி ஆசிரியை, பிப்ரவரி 9

‘பட்டம், படம்’, ‘அப்பா, அபாயம்’ எல்லாம் அதே போலத்தான். அவள் கண்டுபிடித்ததையே இன்னும் நாலு சொல்லில் தேடச் சொல்லுங்கள். ஆனால் ‘பங்கு’, ‘பம்பரம்’ வந்தால் அவளுடைய விதி போதாது, முன்னால் இருக்கும் ங், ம் மாற்றிவிடும். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று பிள்ளைகளின் அப்பா, பிப்ரவரி 11

‘மாம்’ பிரச்சினை புத்தகத்தை மாற்றியதும் போய்விட்டது, எழுத்துருதான். சுவரில் ஒட்டிய அட்டவணையும் அதே மாதிரி எழுத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன். மூன்றாமவளுக்கு து, ரு, கு முதலில் சொல்லித்தரப் போகிறேன். மூத்தவனுக்கு அட்டவணை ஒத்து வந்தது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏழு வயதுக்காரியின் அம்மா, பிப்ரவரி 23

நேற்று அந்த யானைப் புத்தகத்தை அவளே அடுக்கிலிருந்து எடுத்தாள். படத்தை மறைத்துப் படிக்கச் சொன்னேன். ‘ஒரு’, ‘பெரிய’, ‘காட்டில்’, ‘யானை’ எல்லாம் வந்தன. ‘வாழ்ந்து’வில் நின்றாள். ழ், ந் இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தால் எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. ‘வாந்து’ என்றாள், பிறகு ‘வாழந்து’. மூன்றாவது தடவை அவளே கையால் ‘ந்து’வை மறைத்து ‘வாழ்’ என்று தனியாகப் படித்து, கையை எடுத்து முடித்தாள்.

இந்த இரட்டை மெய்க்கு ஏதாவது விளையாட்டு வைத்திருக்கிறீர்களா, டீச்சர்? அடுத்த பக்கத்தில் ‘பார்த்தது’, ‘சேர்ந்து’ இரண்டும் இருக்கின்றன.